குடும்பக் குழுவில் ஓர் ஆஸ்பத்திரி அறிவிப்பு: எழுத்து நடையா, பேச்சு நடையா?

தமிழ் வீடுகளில் இந்நாளில் நடக்கும் மொழிபெயர்ப்பில் பெரும்பகுதி அச்சேறுவதும் இல்லை, மொழிபெயர்ப்பு என்று பெயர் பெறுவதும் இல்லை. குடியிருப்புச் சங்கம் ஒட்டியதாயினும், வங்கி அனுப்பியதாயினும், ஆஸ்பத்திரி கையில் கொடுத்ததாயினும், ஆங்கிலத்தில் அமைந்த ஓர் அறிவிப்பை வீட்டில் அந்த மொழி நன்கு தெரிந்த ஒருவர் படித்துப் பார்த்து, அதன் சாரத்தைத் தமிழில் தட்டி, தாத்தா முதல் பேரன் வரை எல்லோரும் அடங்கிய வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார். அவ்வாறு தட்டத் தொடங்கும்போது அவர் விரல் தயங்குகிற இடம் ஒன்று உண்டு. "வர வேண்டும்" என்று எழுதுவதா, "வரணும்" என்று எழுதுவதா? முன்னது, பெற்ற தகப்பனுக்கு நோட்டீஸ் விடுவது போலத் தொனிக்கிறது. பின்னது, ஆஸ்பத்திரி இட்ட கட்டளையைத் திண்ணைப் பேச்சாக்கிவிடுமோ என்று தோன்றுகிறது. இந்தத் தயக்கத்துக்கு இதுவரை சொல்லப்பட்டு வந்திருக்கிற சமாதானங்கள் எவை, அவற்றில் எது எந்த அளவுக்குச் செல்லும் என்பதைப் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேசுவது ஒரு விதம், எழுதுவது வேறு விதம் என்ற நிலை தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியப் பாயிரமே வழக்கையும் செய்யுளையும் இரண்டாகக் கூறுகிறது. ஆயினும் அங்கே சொல்லப்பட்ட பேதமும், இன்று நாம் அனுபவிக்கும் பேதமும் ஒன்றே என்று சாதிப்பது பொருந்தாது. 1959-இல் சார்லஸ் ஃபெர்குசன் என்ற அமெரிக்க மொழியியலார், ஒரே சமூகத்தில் ஒரே மொழியின் உயர்ந்த வடிவமும் வழக்கு வடிவமும் தத்தமக்குரிய சந்தர்ப்பங்களைப் பங்கிட்டுக்கொண்டு வாழும் நிலையை ஆராய்ந்து, அரபு, கிரேக்கம், சுவிட்சர்லாந்தின் ஜெர்மன், ஹெய்ட்டியின் கிரியோல் ஆகிய நான்கையும் திருஷ்டாந்தமாக எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டே மு. சண்முகம் பிள்ளை தமிழின் இலக்கிய வடிவத்தையும் பேச்சு வடிவத்தையும் பற்றி விரிவாக எழுதினார். பின்னர் 1986-இல் பிரான்சிஸ் பிரிட்டோ இப்பொருளைத் தமிழுக்கே பிரயோகித்து ஒரு நூல் செய்தார். 1999-இல் ஹெரால்ட் ஷிஃப்மன் பேச்சுத் தமிழுக்கென்று ஓர் இலக்கணமே வெளியிட்டார். இவர்கள் வரைந்து காட்டிய படத்தில் ஒரு பங்கீடு தெளிவாக இருந்தது: உறவினரோடு உரையாடுவது பேச்சு நடை; அவருக்கே கடிதம் எழுதினால் அது எழுத்து நடை. மகன் தகப்பனாரிடம் வாயால் ஒரு நாளும் "தாங்கள்" என்று சொல்லியிராவிட்டாலும், ஆஸ்டலிலிருந்து பணம் கேட்டு எழுதும்போது அவ்வாறே எழுதினான். அதில் செயற்கை இருப்பதாக இருவருமே நினைக்கவில்லை.

குடும்பக் குழு இந்தப் பங்கீட்டைக் கலைத்துவிட்டது. அங்கே நடப்பது உருவத்தால் எழுத்து, சுபாவத்தால் உரையாடல். "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பவர் அங்கே "உணவருந்தினீர்களா?" என்று எழுதினால், கேலி செய்கிறார் என்றே கொள்வார்கள். ஆகவே அன்றாடப் பேச்சுக்குப் பேச்சு நடையே உரியது என்பது அநேகமாக முடிந்துபோன வழக்கு. முடியாத வழக்கு, உரையாடல் நடக்கும் அந்தக் கூடத்துக்குள் உரையாடலல்லாத ஒன்று, அதாவது மணியும் தேதியும் விலக்கும் விதியும் நிறைந்த ஓர் அறிவிப்பு, வந்து நுழையும்போது எழுவதாகும்.

இதைப் பொதுவில் பேசிக்கொண்டிருப்பதைவிட ஒரு திருஷ்டாந்தத்தைக் கையில் எடுத்துக்கொள்வது நலம். பாளையங்கோட்டையில் இருக்கும் ஒரு தாத்தாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன் என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரி கொடுத்த ஆங்கிலத் தாளைச் சித்தப்பா படம் பிடித்து அனுப்ப, சென்னையில் கல்லூரியில் படிக்கும் பேத்தி அதைக் குழுவுக்குத் தமிழாக்க வேண்டியிருக்கிறது. அவள் அந்த ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றி, பள்ளிக்கூடத்துக் கட்டுரைத் தமிழில் எழுதினால், அது ஏறக்குறைய இப்படி அமையும்:

"நோயாளிகள் அறுவை சிகிச்சைக்கு முந்தைய நள்ளிரவிலிருந்து திட உணவு மற்றும் பால் சார்ந்த பானங்களை உட்கொள்வதைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள். தெளிந்த திரவங்கள் காலை 6.00 மணி வரை அனுமதிக்கப்படும். நீரிழிவு மருந்துகள் அன்று காலை நிறுத்தி வைக்கப்பட வேண்டும். இரத்த அழுத்த மாத்திரைகள் ஒரு மிடறு நீருடன் எடுத்துக்கொள்ளப்படலாம். இரத்தம் உறைதலைத் தடுக்கும் மருந்து எடுத்துக்கொள்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரைக் கலந்தாலோசிக்கவும். நோயாளியுடன் ஒரு உதவியாளர் மட்டுமே அனுமதிக்கப்படுவார்."

இலக்கணப் பிழை என்று இதில் பெரிதாக எதையும் எடுத்துக்காட்ட முடியாது, ஆனாலும் தாத்தா இதைப் படித்துவிட்டு, "சரிம்மா, நான் என்ன செய்யணும்?" என்று கேட்பார். காரணம் இது எழுத்து நடையாக இருப்பது என்று பலர் அவசரப்பட்டுத் தீர்மானித்துவிடுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் குற்றம் எழுத்து நடையினுடையது அன்று, அலுவலக நடையினுடையது. "அறிவுறுத்தப்படுகிறார்கள்", "அனுமதிக்கப்படும்", "எடுத்துக்கொள்ளப்படலாம்" என்று வரிக்கு வரி "படு" என்னும் துணைவினையை வைக்கும் பழக்கம், செய்கிறவன் யார் என்பதை மறைப்பதற்காக ஆங்கிலக் கச்சேரி வழக்கிலிருந்து வந்து குடியேறியது. நல்ல எழுத்துத் தமிழ் அதை ஒருபோதும் இவ்வளவு தாராளமாகக் கையாண்டதில்லை. இன்னொரு குற்றம், தாள் ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளிகள் எல்லோருக்குமாக எழுதப்பட்டிருக்க, பேத்தியின் செய்தி ஒரே ஒருவருக்காக எழுதப்படுகிறது என்பதை மறந்தது. தாத்தாவுக்கு இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எதுவும் கிடையாது என்று வீட்டார் நிச்சயமாக அறிந்திருந்தால், அந்த வாக்கியத்துக்கே செய்தியில் இடம் இல்லை. நிச்சயமில்லையென்றால் அதை அறிவிப்பாக அல்ல, சித்தப்பாவைப் பார்த்துக் கேட்கும் கேள்வியாக எழுத வேண்டும்.

"தெளிந்த திரவங்கள்" என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். கஞ்சி, மோர், சத்துமாவுக் கரைசல் ஆகிய யாவும் நம் வீட்டுக் கணக்கில் திரவங்களே. நோயாளிக்கு உகந்த ஆகாரம் என்று ஆச்சி முதலில் நினைப்பதும் அவற்றையே. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர்களின் கணக்கோ வேறு. வெறும் தண்ணீர் போன்றவை வயிற்றை விட்டு விரைவில் இறங்கிவிடுவதால் மயக்கத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை பெரியவர்களுக்குப் பொதுவாக அனுமதி உண்டு. பால் வயிற்றில் திரிந்து திட உணவைப்போல் தங்குவதால் அதற்கு ஆறு மணி நேர இடைவெளி கேட்கிறார்கள். மயங்கிக் கிடக்கையில் வயிற்றில் உள்ளது மேலெழுந்து நுரையீரலுக்குள் போய்விடக்கூடும் என்பதே இந்தக் கண்டிப்புக்குக் காரணம். எனவே நடை எதுவானாலும், அந்த வீட்டில் எவையெவை குடிக்கப்படுமோ அவற்றைப் பெயர் சொல்லி விலக்கினாலன்றிச் செய்தி முழுமை பெறாது.

இனி எதிர்க்கட்சிக்கு வருவோம். அலுவலக நடையின் வறட்சியைக் கண்டு வெறுத்தவர்கள், குடும்பத்துக்கு எழுதுவதை முழுக்க முழுக்கப் பேச்சாகவே எழுதிவிட வேண்டும் என்கிறார்கள். அந்தக் கட்சிக்காரியாகப் பேத்தி மாறினால், செய்தி இவ்வாறு பிறக்கும்:

"தாத்தாக்கு செவ்வா காலைல ஆபரேஷனாம். நைட் 12க்கு மேல ஒன்னும் சாப்ட கூடாதாம். பால் வேணா தண்ணி வேணா குடிக்கலாம் 6 மணி வரைக்கும். சுகர் மாத்திர வேணா, பிரஷர் மாத்திர போட்டா போதும். கூட ஒருத்தர் வந்தா போதுமாம்."

படிக்க இனிமையாக இருக்கிறது. பேத்தியின் குரலே காதில் விழுகிறது. ஆனால் மூன்றாம் வாக்கியத்தைக் கூர்ந்து பாருங்கள். அவள் சொல்ல வந்தது, பால் வேண்டாம், தண்ணீர் வேண்டுமானால் குடிக்கலாம் என்பது. "வேண்டாம்" என்பது பேச்சில் "வேணாம்" ஆகி, இறுதி மகரம் மூக்கொலியாகத் தேய்ந்து, எழுதும்போது "வேணா" என்று நிற்கிறது. "வேண்டுமானால்" என்பதும் "வேணும்னா" ஆகி, மேலும் குறுகி அதே "வேணா"வில் வந்து நிற்கிறது. வாயால் சொல்லும்போது முதல் "வேணா"வில் குரல் இறங்கி ஒரு கணம் நிற்கும், இரண்டாவதில் நிற்காமல் அடுத்த சொல்லைத் தழுவிக்கொண்டு ஓடும்; ஆகையால் கேட்பவன் ஒருக்காலும் மயங்க மாட்டான். திரையிலோ அந்த இறக்கமும் நிறுத்தமும் இல்லை. பால் குடித்தாலும் சரி, தண்ணீர் குடித்தாலும் சரி என்று தாத்தா படித்துக்கொண்டு, காலை ஐந்து மணிக்கு ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டால், ஆபரேஷனைத் தள்ளிவைப்பதைத் தவிர டாக்டருக்கு வேறு வழியிருக்காது.

இது ஒரு சொல்லுக்கு மட்டும் நேர்ந்த விபத்து என்று தள்ளிவிடலாகாது. பேச்சுத் தமிழ் சொற்களின் ஈற்றைத் தேய்த்துக்கொண்டே செல்வது. அவ்வாறு தேய்ந்துபோகும் ஈற்றில்தான் தமிழ் தன் வினைகளின் அர்த்தத்தில் பாதியை வைத்திருக்கிறது. "வந்தாள்" என்பதும் "வந்தால்" என்பதும் பேச்சில் "வந்தா". "சாப்பிடாதே" என்ற விலக்கும் "சாப்பிடாத" என்ற எச்சமும் பேச்சில் ஒன்று. "சாப்பிடவில்லை" என்பது "சாப்பிடல" ஆகிறது. "சாப்பிடலாம்" என்பதைச் சிலர் "சாப்பிடலா" என்று தட்டுகிறார்கள். அனுமதிக்கும் மறுப்புக்கும் இடையே ஒரு காலின் தூரமே மிஞ்சுகிறது. இவற்றையெல்லாம் நாம் தினந்தோறும் பேசிக்கொண்டு, ஒரு குழப்பமும் இன்றி வாழ்கிறோமென்றால், எதிரே இருப்பவரின் முகமும், குரலின் ஏற்ற இறக்கமும், சந்தேகம் வந்தால் உடனே திருப்பிக் கேட்கும் வசதியும் துணை நிற்பதால்தான். குழுச் செய்தியைப் படிப்பவருக்கு இந்தத் துணைகளில் ஒன்றுமில்லை. எழுதியவள் உறங்கப் போனபின் அவர் தனியே கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் படிக்கிறார்.

பேச்சு நடையால் வரும் இன்னோர் இடர் நுட்பமானது. "ஆபரேஷனாம்", "கூடாதாம்", "போதுமாம்" என்று ஒட்டிக்கொண்டு வந்த "ஆம்" என்னும் ஈறு, இது என் சொந்த அறிவன்று, பிறர் சொல்லக் கேட்டது என்று அறிவிப்பது. ஊர் வம்புக்கும் கல்யாணச் செய்திக்கும் அது மிகப் பொருத்தமான கருவி. ஆஸ்பத்திரி விதியில் அது ஏறினால், விதி வதந்தியாகி விடுகிறது. கேட்டவர், "அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க, ஒரு வாய் காபி குடிச்சா என்ன?" என்று வாதாட இடம் பிறக்கிறது. அறிவிப்பின் அதிகாரத்தை இழக்காமல் இருக்க, யார் சொன்னது என்பதை முதலில் ஒரு தரம் தெளிவாகச் சொல்லிவிட்டு, பிறகு வரும் வாக்கியங்களை ஈற்றில் "ஆம்" இன்றி முடிப்பதே முறை.

எழுத்து வடிவுக்குப் பரிந்து பேச இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பேச்சு நடைக் கட்சியினர் போதிய அளவு எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. தமிழ் படிக்கத் தெரிந்த எவரும் "கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்" என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே "கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்று வாயால் பக்கத்திலிருப்பவருக்குச் சொல்லிவிடுவார். எழுத்தறியாத ஆச்சிக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டிய பேரப்பிள்ளைகள் எல்லோரும் இந்த வித்தையைச் செய்தவர்களே. இதற்கு மாறாக, பேச்சை எழுதுவதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட எழுத்துக்கூட்டு இன்றுவரை ஏற்படவில்லை. "பண்றாங்க" என்று ஒருவர் எழுதுவதை இன்னொருவர் "பன்றாங்க" என்று எழுதிச் சிரிப்புக்கு ஆளாகிறார். "இருக்கு", "இருக்குது", "கெடக்கு" என்று ஊருக்கொரு ரூபம் வேறு. பத்திரிகையிலும் பாடப்புத்தகத்திலும் பழகிய கண், நின்று எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியது எழுத்துத் தமிழையல்ல, எழுதப்பட்ட பேச்சையே.

ஆனால் எல்லாக் கண்களும் அப்படிப் பழகியவையல்ல. அதே குழுவில் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த ஒரு பேரன் இருக்கக்கூடும். அந்நாட்டில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. எனினும் வீட்டில் தமிழ் பேசும் பழக்கம் குறைந்துவருவதைக் கண்ட கல்வித்துறை, 2005-ஆம் ஆண்டின் பாடத்திட்டப் பரிசீலனைக்குப் பின், வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கும் இடம் அளிக்க முற்பட்டது. அத்தகைய பிள்ளைக்கு "கூடாது", "குடிக்கலாம்", "வேண்டும்" என்பவை புரியும். "உட்கொள்வதைத் தவிர்க்கவும்" புரிவது சந்தேகம். ஆகவே அவனுக்காகப் பேச்சு நடைக்குப் போக வேண்டுமென்பது அவசியமில்லை. இரு நடைகளுக்கும் பொதுவான சொற்களைத் தேர்ந்தெடுத்தாலே போதும். தமிழில் அப்படிப்பட்ட சொற்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். "கூடாது" எழுத்திலும் கூடாதுதான், பேச்சிலும் கூடாதுதான். "மட்டும்", "பிறகு" என்பவையும் அவ்வாறே.

மரியாதைப் பிரச்சினைக்கு வருகிறேன். பலர் நடையைத் தேர்ந்தெடுப்பது இதை உத்தேசித்துத்தான். பேத்தி தாத்தாவைப் பார்த்து "சாப்பிடக் கூடாது" என்று பேச்சில் சொன்னால் அது கண்டிப்பு. "சாப்பிட வேண்டாம் தாத்தா" என்றால் பணிவு, ஆனால் வலு குறைவு, ஏனெனில் அது வேண்டுகோள், மீறலாம். இந்த இக்கட்டிலிருந்து தப்புவிக்கும் குணம் எழுத்து நடைக்கு இயல்பாகவே இருக்கிறது. "திங்கள் இரவு 12 மணிக்குப் பிறகு பால் கூடாது" என்று எழுதிய வாக்கியத்தில் கட்டளையிடுபவளும் இல்லை, கட்டளைக்கு உட்படுபவரும் இல்லை; விதி மட்டும் நிற்கிறது. ஆகையால் சிறியவர் பெரியவருக்கு எழுதும் விலக்குகளுக்கு எழுத்து வடிவமே அதிக மரியாதையானது என்ற, முதற்பார்வைக்கு விபரீதமாகத் தோன்றும் முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது.

இதே காரணத்தால்தான் முந்திய தலைமுறையார் "உடனே புறப்பட்டு வரவும்" என்ற வடிவத்தைக் கடிதங்களில் அவ்வளவு விரும்பினார்கள். அது நீயென்றும் சொல்லாது, நீங்களென்றும் சொல்லாது. மாமனாருக்கும் மைத்துனனுக்கும் ஒரே வார்த்தையில் பொருந்தும். ஒருவருக்கு ஒருவர் எழுதிய கடிதத்தில் அது நிறைவான கருவி. இருபது பேர் படிக்கும் குழுவில் அதன் பலமே பலவீனமாகிறது: "பணம் கட்டவும்", "ஆதார் கார்டு கொண்டு வரவும்" என்று எழுதினால், கட்டுவது யார், கொண்டுவருவது யார் என்று கேட்காமல் ஒவ்வொருவரும் மற்றவர் செய்வார் என்று இருந்துவிடுவார்கள். செய்ய வேண்டியவரின் உறவுமுறையைச் சொல்லி, "சித்தப்பா, ஆதார் கார்டை நீங்க எடுத்துட்டு வந்திருங்க" என்று பேச்சில் எழுதும்போதுதான் அந்தக் காரியம் ஒருவர் தலையில் வந்து அமர்கிறது. பேச்சு நடை உண்மையில் தேவைப்படும் இடம் இது. விதி ஒருவருடையதன்று, வேலை ஒருவருடையது. விதியை எழுத்திலும் வேலையைப் பேச்சிலும் சொல்வது என்ற பிரிவினை இங்கே தானே உண்டாகிறது.

காலக் குறிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நள்ளிரவு எந்த நாளைச் சேர்ந்தது என்பதில் கடிகாரத்துக்கும் வீட்டுக்கும் கருத்து ஒற்றுமை இல்லை. கடிகாரத்துக்குப் பன்னிரண்டு அடித்ததும் செவ்வாய் பிறந்துவிடுகிறது. சூரியோதயத்திலிருந்து நாளை எண்ணும் தாத்தாவுக்குப் பொழுது விடியும்வரை அது திங்கட்கிழமை ராத்திரி. "செவ்வாய் இரவு 12 மணி" என்று எழுதினால், ஆபரேஷன் முடிந்த இரவைத்தான் அவர் நினைப்பார். "நாளைக்கு" என்ற சொல்லோ, மறுநாள் காலையில் படிக்கப்படும் செய்தியில் ஒரு முழு நாளைத் தள்ளிப் போட்டுவிடும். பேச்சில் "நாளைக்கு" என்பது இயல்பு. செய்தியில் கிழமையும் தேதியும் சேர்ந்து வருவதே பத்திரம்.

இவ்வளவையும் மனத்தில் வைத்துப் பேத்தி மூன்றாவது முறையாக எழுதினால், செய்தி இந்த உருவம் பெறும்:

"தாத்தாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன் 17ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை 9 மணிக்கு. ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் உள்ளது இது:

திங்கட்கிழமை இரவு 12 மணிக்குப் பிறகு சாப்பாடு, பலகாரம், பால், காபி, டீ, மோர், கஞ்சி எதுவும் கூடாது.

வெறும் தண்ணீர் மட்டும் செவ்வாய் காலை 6 மணி வரை குடிக்கலாம். அதற்குப் பிறகு தண்ணீரும் கூடாது.

செவ்வாய் காலை சுகர் மாத்திரை கூடாது. பிரஷர் மாத்திரையை மட்டும் 6 மணிக்கு முன் ஒரு வாய்த் தண்ணீரில் போடலாம்.

கூட ஒருவர் மட்டும் இருக்கலாம்.

சித்தப்பா, அன்னைக்கு நீங்க கூட இருக்கீங்கல்ல? தாத்தாவோட பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டையும் நீங்களே எடுத்துட்டு வந்திருங்க. அத்தை, செவ்வாய்க்கிழமை நீங்க அலைய வேண்டாம், புதன்கிழமை சாயங்காலம் வந்து பாருங்க. தாத்தா, காலைல காபி இல்லன்னு கோவிச்சுக்காதீங்க, வீட்டுக்கு வந்ததும் ஆச்சி கையால டிகாக்‌ஷன் காபி உண்டு."

இதன் மேற்பாதி எழுத்து நடை. ஆயினும் "உட்கொள்வது"ம் "அனுமதிக்கப்படுவது"ம் அதில் இல்லை. "சுகர் மாத்திரை", "பிரஷர் மாத்திரை" என்று வீட்டில் வழங்கும் பெயர்களே இருக்கின்றன. தூய சொல் வேண்டுமென்று "நீரிழிவு மருந்து" என்று மாற்றினால், டப்பாவில் எந்த மாத்திரை அது என்று தேட வேண்டிவரும். கீழ்ப்பாதி பேச்சு நடை. ஆயினும் மணியோ அளவோ தடையோ அங்கே ஒன்றுமில்லை, ஆகவே ஈறு தேய்ந்தாலும் இழப்பு ஏதுமில்லை. அங்கும் "வேண்டாம்" என்பதை மட்டும் முழுதாக எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரே செய்தியில் இரு நடை கலப்பது பிழையென்று பள்ளி ஆசிரியர் சிவப்பு மையில் சுழிப்பார். அவர் திருத்துவது கட்டுரை, இது அதுவன்று. மேற்பாதி பேசுவது தாள், கீழ்ப்பாதி பேசுவது பேத்தி. நாவலாசிரியன் வருணனையை எழுத்திலும் சம்பாஷணையைப் பேச்சிலும் நடத்துவதற்கு என்ன நியாயமோ அதே நியாயம் இதற்கும் உண்டு.

செய்தி முழுவதையும் குரலில் பதிந்து அனுப்பிவிட்டால் இந்தச் சிரமமெல்லாம் ஏன் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். குரலில் "பால் வேணா" மயக்கம் தராது என்பது மெய்யே. ஆனால் அதிகாலை ஐந்து மணிக்கு, "ஆறு மணி வரையா, ஆறரை வரையா?" என்று சரிபார்க்க வேண்டியவர் இரண்டு நிமிஷப் பதிவை முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்கும். எழுத்தறியாத ஆச்சிக்குக் குரல், மற்றவர்களுக்கு எழுத்து என்று இரண்டையும் அனுப்புவதில் நஷ்டம் எதுவுமில்லை. இரண்டிலும் மணிக்கணக்கு ஒத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய எழுத்துச் செய்தியைப் பதினைந்து நிமிஷம் வரைதான் திருத்த முடியும். அதற்குப் பின் பிழை கண்டால், பழைய செய்தியை நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுவதே சரி. இரண்டும் குழுவில் கிடந்தால், பழையதைப் படித்துவிட்டுப் போகிறவர் ஒருவராவது இருப்பார்.

நடையின் தேர்வு எவ்வளவு கவனமாகச் செய்யப்பட்டாலும், குழுச் செய்தி மூலத் தாளுக்குப் பதிலி ஆகாது. அந்தத் தாளின் படத்தையும் செய்தியின் கீழேயே போட்டுவிட வேண்டும். மாத்திரைகளின் பெயர்கள் தாளில் உள்ள எழுத்திலேயே இருக்கட்டும், அவற்றைத் தமிழ் எழுத்தில் பெயர்க்க முயல வேண்டாம். ஆஸ்பத்திரி நிர்வாகிகளிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. தமிழ்நாட்டில் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956-இலேயே வந்துவிட்டது. அது தனியார் ஆஸ்பத்திரிகளைக் கட்டுப்படுத்தாது என்றாலும், ஆபரேஷனுக்கு முன் கொடுக்கும் அந்த ஒரு தாளையாவது, பாலுக்கும் தண்ணீருக்கும் உரிய மணியைக் கிழமையோடு குறித்து, "படு" இல்லாத எளிய தமிழில் அவர்களே அச்சிட்டுக் கொடுத்துவிடலாம்.